முனைக்கு முனை துளை போட்ட அனுபவம்: கனசதுர மூலைவிட்டக் கோணம்

ஓசூர் லேத்காரன்
அக்கா வீட்டு வாசல் விளக்குக்காக 60 மி.மீ. அலுமினியக் கனசதுரக் கட்டை ஒன்றில், ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு ஊடுருவித் துளை போட வேண்டியிருந்தது. அதில் கம்பி கோத்துத் தொங்கவிட ஆசை. சதுரத்தின் மூலைவிட்டம் 45 டிகிரிதானே என்ற நினைப்பில், கட்டையை முதலில் 45 திருப்பி, அப்புறம் 45 சாய்த்து டிரில்லை இறக்கினேன். துளை எதிர்முனைக்குப் போகவில்லை. முனைக்கு 25 மி.மீ. முன்னாலேயே முகத்தில் பொத்துக்கொண்டு வந்தது. அரை நாள் அறுத்து ராவிய கட்டை வீண். இதே மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா?

தருமபுரி டிப்ளமோ
அண்ணா, நான் போன வருஷம்தான் வெக்டர் படித்தேன். மூலைவிட்டத்தின் திசை (1,1,1). டாட் புராடக்ட் போட்டால் cos θ = 1/√3, அதாவது 54.74 டிகிரி. முகத்தோடு மூலைவிட்டம் உண்டாக்கும் கோணம் அதுதான். அந்த அளவு சாய்த்துப் பாருங்கள்.

பென்னாகரம் கணக்கு வாத்தியார் (ஓய்வு)
தம்பி, சாய்க்கச் சொன்ன அளவு சரி, அதற்கு வைத்த பெயர்தான் தப்பு. 54.74 என்பது விளிம்போடு உள்ள கோணம். முகத்தோடு உள்ள கோணம் 90-லிருந்து அதைக் கழித்தால் வரும் 35.26. முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டோடு டாட் புராடக்ட் போட்டுவிட்டு, அதையே முகத்தோடு உள்ள கோணம் என்று எழுதுவதைப் பல வருஷம் திருத்தியிருக்கிறேன். அங்கே cos-க்குப் பதில் sin வர வேண்டும். மேசைமேல் கிடக்கும் கட்டையில் மூலைவிட்டம் 35.26-இல் படுத்திருக்கிறது. அதை நட்டமாக நிமிர்த்த மீதி 54.74 சாய்க்க வேண்டும். உங்கள் பேச்சை அப்படியே நம்பி, 90-லிருந்து கழித்து 35.26 மட்டும் சாய்த்திருந்தால் அவருக்கு இன்னொரு கட்டையும் போயிருக்கும்.

வெக்டர் தெரியாதவர்கள் ஒரு A4 தாளை எடுங்கள். அதன் நீளம் அகலத்தைப்போல் √2 மடங்கு. கனசதுரத்தை எதிரெதிர் விளிம்புகள் வழியாக நெடுக அறுத்தால் கிடைக்கும் செவ்வகமும் அதே வடிவம்தான். குட்டைப் பக்கம் விளிம்பு, நீளப் பக்கம் முகத்தின் மூலைவிட்டம். தாளில் மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். கனசதுரத்தின் உள்ளே ஓடும் இரண்டு மூலைவிட்டங்கள் அவைதான். கோடு நீளப் பக்கத்தோடு உண்டாக்குவது 35.26. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பது அதைப்போல் இரு மடங்கு, 70.53. cos⁻¹(1/3) என்று படித்தோமே, அது இந்தத் தாளிலேயே கிடக்கிறது. பாகைமானி வைத்தால் எழுபதரை காட்டும்.

காவேரிப்பட்டணம் அம்மா
என் பொண்ணு பரீட்சையில் இரண்டு மூலைவிட்டங்களுக்கு இடையே 109.47 என்று எழுதி மார்க் போய்விட்டது. நாலு மூலைவிட்டம் இருக்கிறதே, வேறு ஜோடி எடுத்தால் வேறு விடை வருமா சார்?

பென்னாகரம் கணக்கு வாத்தியார் (ஓய்வு)
இல்லைம்மா, ஆறு ஜோடிக்கும் ஒரே கோணம்தான். ஒரு கோட்டின் திசையைத் திருப்பி எடுத்தால் -1/3 வந்து 109.47 ஆகும். தாளில் இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பெரிய கோணமாகத் தெரிவது அதுதான். கோடுகளுக்கு இடைப்பட்ட கோணம் என்றால் குறுங்கோணத்தை எழுதுவது வழக்கம். நான் திருத்தியிருந்தால் பாதி மார்க்காவது போட்டிருப்பேன்.

தருமபுரி டிப்ளமோ
எங்கள் சார் போட மாட்டார். குறுங்கோணம் என்று கேள்வியிலேயே இல்லாவிட்டாலும் அதைத்தான் எழுத வேண்டும் என்பார்.

பர்கூர் கல்பட்டறை
நான் கேட்பது வேற. கேட் தூண்மேல் ஒரு அடி கிரானைட் கனசதுரத்தை ஒரு முனையில் நிற்க வைக்கச் சொல்கிறார்கள். அடியில் குழி வெட்ட எழுபது டிகிரி சரிவு வைக்கலாமா?

பென்னாகரம் கணக்கு வாத்தியார் (ஓய்வு)
எழுபது வேண்டாம். முனையில் நிற்கும்போது மூன்று முகமும் தரையோடு 54.74 சரிவில் இருக்கும். குழியின் மூன்று சரிவும் அதே அளவு.

பர்கூர் கல்பட்டறை
சரிங்க. ஆனால் முனை முழுப் பாரத்தையும் தாங்கினால் தெறித்துவிடும். குழியின் அடியை இன்னும் ஆழமாக வெட்டி, முனை தொடாமல் சரிவிலேயே உட்கார வைக்கலாம் என்று பார்க்கிறேன். இப்படி நிறுத்தியவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் லேத்காரன்
இன்று இரண்டாவது கட்டை. 54.74 சாய்த்தேன். கூர்முனையில் டிரில் பிட் வழுக்கும் என்பதால் முதலில் மில்லிங் கட்டரால் அதைக் கொஞ்சம் தட்டையாக்கினேன். அங்கே ஒரு சின்ன முக்கோணம் விழுந்தது. வெர்னியர் வைத்தால் மூன்று பக்கமும் 8 மி.மீ., சமம். பழைய கட்டையின் இன்னொரு முனையை 45-இல் சாய்த்துச் சீவிப் பார்த்தேன், அதில் ஒரு பக்கம் மட்டும் நீளமாக இருந்தது. துளை போடும் முன்னாலேயே இதைப் பார்த்திருந்தால் முதல் கட்டை பிழைத்திருக்கும். பிட் நீளம் போதாமல் இரண்டு முனையிலிருந்தும் பாதிப் பாதி இறக்கினேன். நடுவில் அரை மி.மீ. படி தட்டுகிறது, ஆனாலும் கம்பி நுழைந்துவிட்டது.