தூறலும் அடைமழையும்: ஒப்புமை வினாவில் நான் அழித்த சரியான விடை

மைக்கூடு

ஒப்புமை வினாக்களில் நான் பெரும்பாலும் தடுமாறுவதில்லை. ஆனால் ஒரே ஒரு வினா மூன்று ஆண்டுகளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. 'தூறல் : அடைமழை' என்று கொடுத்து, அதே தொடர்புடைய இணையைக் கேட்டிருந்தார்கள். விடைகள் 'துளி : வெள்ளம்', 'மேகம் : மழை', 'கூச்சல் : முணுமுணுப்பு', 'புன்முறுவல் : வெடிச்சிரிப்பு' ஆகியவை. முதலில் நான்காவது வட்டத்தைத்தான் கருமையாக்கினேன். விடைத்தாளைக் கொடுக்க இரண்டு நிமிடம் இருந்தபோது முதல் விடை கண்ணில் பட்டது. 'சிறு துளி பெரு வெள்ளம்' என்று பழமொழி காதில் ஒலித்தது. மழையைப் பற்றிய வினாவுக்குச் சிரிப்பைப் பற்றிய விடையா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அழிப்பானை எடுத்து, தாள் கிழிந்துவிடுமோ என்ற பயத்தோடு தேய்த்து, முதல் வட்டத்துக்கு மாறினேன். சரியான விடை நான்காவதுதான்.

எல்லாம் நீரைப் பற்றியவை என்ற ஒற்றுமைதான் என்னைக் கவிழ்த்தது. வினா கேட்பது சொற்களின் இனத்தை அன்று, அவற்றுக்கிடையே உள்ள உறவை என்று தெரிந்திருந்தும் ஏமாந்தேன் என்பதே ஆற்றாமை.

இரவுவிளக்கு

எனக்கு நேர்ந்தது கருவியும் அதைக் கையாள்பவரும் வரும் வினா. 'உளி : சிற்பி' என்பதற்குத் 'தூரிகை : ஓவியம்', 'பாடல் : பாடகர்', 'கலப்பை : உழவர்', 'நோயாளி : மருத்துவர்' என நான்கு விடைகள். இரு சொற்களையும் சேர்த்து ஒரு வாக்கியம் அமைத்து, அதே வாக்கியத்தில் ஒவ்வொரு விடையையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்ததால், 'சிற்பிக்கு உளி வேண்டும்' என்று அமைத்தேன். உழவருக்குக் கலப்பை வேண்டும். பாடகருக்குப் பாடல் வேண்டும். மருத்துவருக்கு நோயாளியும் வேண்டும்! மூன்றும் பொருந்தவே, மனித உறவு இருக்கிறதே என்று கடைசி விடையைத் தேர்ந்தெடுத்தேன்.

வாக்கியம் தளர்வாக இருந்ததுதான் பிழை என்று பிறகு புரிந்தது. 'சிற்பி உளியைக் கையாண்டு வேறொரு பொருளின்மேல் வேலை செய்கிறார்' என்று இறுக்கியிருந்தால், பாடலும் நோயாளியும் அங்கேயே உதிர்ந்திருக்கும். தூரிகைக்கு எதிரே இருப்பது ஓவியர் அல்லர், ஓவியம். ஆகவே அது கருவிக்கும் அதனால் உருவாகும் பொருளுக்கும் உள்ள உறவு. மைக்கூடு அவர்களும் இறுக்கமான ஒரு வாக்கியத்தை அமைத்திருந்தால் தப்பியிருப்பார். இந்த ஒரு வழி போதும், வேறெதுவும் தேவையில்லை.

நேர்கோடு

முதல் பதிவரிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அடைமழை என்றால் விடாது பெய்யும் மழை. அதில் இருப்பது நீட்சி, வேகம் அன்று. நாள் முழுதும் மெல்லப் பெய்துகொண்டிருந்தாலும் அதை அடைமழை என்றே சொல்வோம். அப்படியானால் தூறலுக்கும் அடைமழைக்கும் இடையே மிகுதி என்ற உறவு எங்கே இருக்கிறது? வெடிச்சிரிப்பு ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. வினாவைத் தயாரித்தவர் 'பெருமழை' என்றோ 'கொட்டும் மழை' என்றோ எழுதியிருக்க வேண்டும். நீங்கள் உங்கள்மேல் கோபப்படுவதை விட்டுவிட்டு, அன்றே எழுத்துமூலம் முறையிட்டிருக்க வேண்டும்.

இனி எந்தத் தேர்வு எழுதினாலும் வினாத்தாளின் ஓரத்தில் ஐயமுள்ள சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு அகராதிகளில் பாருங்கள். இரண்டும் ஒரே பொருளைச் சொன்னால் மட்டும் முறையிடுங்கள். என் அனுபவம் சிறியதுதான்: 'வெம்மை : கொதிப்பு' என்ற இணையில் ஒருமுறை மதிப்பெண் இழந்தேன், அவ்வளவே.

சுண்ணக்கட்டி

நான் வினா தயாரிக்கும் பக்கத்தில் இருப்பவள். 'இதழ் : மலர்' என்று கொடுத்து, விடைகளில் 'கிளை : மரம்', 'மரம் : காடு' இரண்டையும் வைத்துவிட்டேன். என் மனத்தில் இருந்தது கிளைதான். தாளைத் திருப்பிக் கொடுத்த நாளில் ஒரு மாணவி எழுந்து, "அம்மா, மரமும் காட்டின் ஒரு பகுதிதானே?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. கையில் இருந்த சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டு நின்றேன். உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை.

அன்று மாலை நன்னூலைப் புரட்டியபோது விடை கிடைத்தது. ஆறாம் வேற்றுமையின் தற்கிழமையைச் சொல்லும் இடத்தில், உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம் என்று தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள். மரத்தினது கிளை உறுப்பு. நெல்லினது குவியல் ஒன்றன் கூட்டம். கிளை, வேர், இலை என ஒவ்வொன்றும் தனித்தனி வேலை செய்து ஒரு மரமாகிறது. காடோ, மரம் மரமாகச் சேர்ந்த கூட்டம். மலரில் இதழ் தவிர மகரந்தத்தாளும் சூலகமும் இருப்பதால் இதழ் உறுப்பு. மறுநாள் அவளிடம் இதைச் சொன்னேன். ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொண்டேன்: கிளை என்ற விடையே இல்லாதிருந்தால், மரமும் காடுமே சரியான விடையாகியிருக்கும். உறவை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்பதை, பக்கத்தில் இருக்கும் விடைகள்தாம் முடிவு செய்கின்றன. ஆகையால் இரவுவிளக்கு அவர்கள் 'இந்த ஒரு வழி போதும்' என்பதை நான் ஏற்க மாட்டேன். முதலில் அமைத்த வாக்கியத்துக்கு இரண்டு விடைகள் பொருந்தினால், அதை மறுபடியும் இறுக்கத்தான் வேண்டும்.

துளிக்கும் வெள்ளத்துக்கும் நான் 'எத்தனை' என்று கேட்டுப் பார்ப்பேன். ஒரு வெள்ளத்தில் எத்தனை துளி என்று கேட்கலாம். எண்ண முடியாவிட்டாலும் கேள்விக்குப் பொருள் உண்டு. ஒரு வெடிச்சிரிப்பில் எத்தனை புன்முறுவல் என்று கேட்டால் அபத்தம். ஆயிரம் பேர் புன்முறுவல் பூத்தாலும் அது வெடிச்சிரிப்பு ஆகாது. ஓர் அடைமழையில் எத்தனை தூறல் என்பதும் அப்படியே. 'எத்தனை' பொருந்தினால் பகுதியும் முழுமையும். 'எவ்வளவு' மட்டும் பொருந்தினால் மிகுதியின் படிநிலை. கூச்சலும் முணுமுணுப்பும்கூடப் படிநிலைதான். வரிசை தலைகீழாக இருப்பதால் மட்டுமே அது விடையாகவில்லை.

படிக்கட்டு

எனக்கும் இதே அநியாயம் நடந்தது. 2 : 4 என்றால் 5 : ? என்று கேட்டார்கள். இரு மடங்கு என்று 10 எழுதினேன். வர்க்கம் என்று 25 தான் விடை என்றார்கள். 2 இரண்டுக்கும் பொருந்துகிறதே, இதற்கு எந்த 'எத்தனை' உதவும்?

நேர்கோடு

அது எண் வரிசை. இங்கே பேசுவது சொல். இருந்தாலும் உங்கள் வினா பிழையான வினா என்பதில் ஐயமில்லை. சுண்ணக்கட்டி அவர்கள் சொன்ன 'எத்தனை' சோதனையை ஏற்கிறேன். துளியும் வெள்ளமும் விடையாக முடியாது என்பதும் தெளிவாகிவிட்டது. ஆனால் அடைமழையை நான் விடுவதாக இல்லை.

மைக்கூடு

அடைமழையை நீங்கள் விட வேண்டாம்; அகராதிப் பொருள் உங்கள் பக்கம்தான். ஆனாலும் பேச்சில் பலத்த மழையையும் அப்படித்தான் சொல்கிறோம், வினாவை எழுதியவரும் அதைத்தான் நினைத்திருப்பார். நேற்று இரவு என் தங்கையிடம் வாய்மொழியாக இதே வினாவைக் கேட்டேன். அவளும் துளியையே தேர்ந்தெடுத்தாள். 'எத்தனை' சோதனையைச் சொன்னதும் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் 'ஓடை : ஆறு' எதில் சேரும்? ஆற்றில் எத்தனை ஓடை கலக்கிறது என்று கேட்கலாம், ஓடையைவிட ஆறு பெரிது என்றும் சொல்லலாமே" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சுண்ணக்கட்டி அவர்களே, நீங்கள் அதை எதில் சேர்ப்பீர்கள்?

சுண்ணக்கட்டி

பக்கத்தில் என்னென்ன விடைகள் இருந்தன என்று தங்கையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.