√2-இல் எல்லை 0 தானே வருகிறது? (விகிதமுறு எண்ணுக்கு 1, விகிதமுறா எண்ணுக்கு 0)

சாய்கோடு
x விகிதமுறு எண் என்றால் f(x) = 1, விகிதமுறா எண் என்றால் f(x) = 0. இந்தச் சார்புக்கு எந்தப் புள்ளியிலும் எல்லை கிடையாது என்கிறார்கள். √2-இல் போட்டுப் பார்த்தேன். √2 + 1/n எப்போதும் விகிதமுறா எண்தான், அதனால் f = 0. இடப்பக்கம் √2 − 1/n எடுத்தாலும் 0. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதே, அப்புறம் எல்லை 0 என்று எழுத என்ன தடை? இதே கணக்கில் x = 3-இல் எல்லை 1 வருகிறது. எங்கே சறுக்குகிறேன்?

அரைப்புள்ளி
எண்கோட்டில் விகிதமுறு எண், விகிதமுறா எண், மறுபடி விகிதமுறு எண் என்று மாறி மாறி வரும். f அதனால் 1, 0, 1, 0 என்று தாவிக்கொண்டே இருக்கும். எங்கும் நிற்காது, எல்லையும் இல்லை.

முகடு
முடிவு சரி, காரணம் சரியில்லை. ஓர் எண்ணுக்கு "அடுத்த எண்" என்று ஒன்று இருந்தால்தானே மாறி மாறி வர முடியும்? எந்த இரண்டு எண்களை எடுத்தாலும், நடுவில் இரண்டு வகையும் முடிவில்லாமல் கிடக்கின்றன. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்.

சாய்கோடு, நீங்கள் √2-ஐ நெருங்க ஒரே ஒரு பாதையைத்தான் பார்த்தீர்கள். இடம், வலம் என்று பிரித்தாலும் அது 1/n பாதைதான். எல்லை 0 என்றால் √2-ஐ நோக்கிப் போகும் எல்லாத் தொடர்முறையிலும் 0 வர வேண்டும். 1.4, 1.41, 1.414, 1.4142 என்று போய்ப் பாருங்கள். எல்லாமே விகிதமுறு எண்கள், f எப்போதும் 1. இந்த ஒன்று போதும், 0 அடிபட்டுப் போகிறது. 3-இல் 3 + √2/n எடுங்கள், f எப்போதும் 0.

δ வைத்துச் சொன்னால்: √2-இல் δ = 0.001 என்று யாராவது கொடுக்கட்டும். 1.4142 உள்ளே இருக்கிறது, தூரம் சுமார் 0.0000136. √2 + 1/2000-உம் உள்ளே, தூரம் 0.0005. முதலாவதில் f = 1, இரண்டாவதில் 0. δ-வை இன்னும் சுருக்கினால் தசம இடங்களைக் கூட்டுங்கள், 2000-ஐயும் பெரிதாக்குங்கள்.

இனி எல்லை L என்று வைத்து, ε = 1/2 எடுங்கள். எந்த δ-வுக்கும் உள்ளே இரண்டு வகையும் இருப்பதால் |1 − L| < 1/2, |0 − L| < 1/2 இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும். கூட்டினால் 1 < 1. கதை முடிந்தது.

சாய்கோடு
பாதை விஷயம் புரிந்தது. ஆனால் L = 1/2, ε = 0.6 என்று வைத்தால் எல்லா δ-வுக்கும் சரியாக வருகிறதே?

முகடு
வரும், அதில் தவறில்லை. 1-உம் 0-உம் 1/2-இலிருந்து சரியாக 0.5 தள்ளி இருக்கின்றன, 0.5 < 0.6. ஆனால் எல்லை என்றால் *ஒவ்வொரு* ε-க்கும் தேற வேண்டும். ε = 0.5 ஆனதும் 0.5 < 0.5 என்று கேட்கும், அங்கேயே விழும். L-ஐ 1/2-இலிருந்து நகர்த்தினால் 0, 1 இரண்டில் ஒன்று இன்னும் தூரமாகிவிடும்.

வரைதாள்
கணினியில் வரைந்தேன், எல்லா இடத்திலும் 1 தான் வருகிறது. அப்படியானால் எல்லை 1 இல்லையா?

```
>>> import math
>>> math.sqrt(2).as_integer_ratio()
(6369051672525773, 4503599627370496)
```

முகடு
பதில் நீங்கள் ஒட்டியதிலேயே இருக்கிறது. கணினி தரும் "√2" ஒரு பின்னம், கீழே இருப்பது 2⁵². மிதவைப்புள்ளி எண்கள் எல்லாமே விகிதமுறு எண்கள், விகிதமுறா எண் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. இந்தச் சார்பை எண்களைப் போட்டுச் சோதிக்க வழியில்லை.

தொடுகோடு
p/q என்ற சுருங்கிய பின்னத்தில் 1/q, விகிதமுறா எண்ணில் 0. இதற்கு எல்லாப் புள்ளியிலும் எல்லை 0 என்று நிரூபித்தது நினைவிருக்கிறது. நீங்கள் எல்லை இல்லை என்கிறீர்களே?

முகடு
அது வேறு சார்பு. அங்கே ε = 1/10 என்றால் தொல்லை தருபவை q ≤ 10 உள்ள பின்னங்கள் மட்டும். ஒரு புள்ளியைச் சுற்றி அவை எண்ணி முடிக்கும் அளவுதான், δ-வைச் சுருக்கி வெளியே தள்ளிவிடலாம். இங்கே q எவ்வளவு பெரிதானாலும் உயரம் 1-ஆகவே நிற்கிறது.

சாய்கோடு
கடைசியாக ஒன்று. a = π + e என்றால் f(a) என்ன?

முகடு
π + e விகிதமுறு எண்ணா இல்லையா என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் f(a) 0-வா 1-ஆ என்று சொல்ல முடியாது. ஆனாலும் a-இல் எல்லை இல்லை என்பது உறுதி. மேலே உள்ள வாதம் a-க்குப் பக்கத்தில் இருப்பவற்றைத்தான் பார்க்கிறது, a-வை அது தொடவே இல்லை.