புதுப்பிப்பு: கூடுதல் 40 மூட்டை அரிசி
"பிப்ரவரி 28 கணக்கு முடிப்பில் ஏட்டைவிட 40 மூட்டை அரிசி கூடுதல். எங்கே பிசகு?" போன வாரம் நான் கேட்டது.

டர்பன் தம்பி எண்ணிக்கைத் தவறு என்றார்; மறுபடி எண்ணினோம், அதே 40. இன்னொருவர் தன் கிடங்கில் எலி தின்றதைச் சொன்னார். கணக்காளர் அக்காதான் சரக்கு வரவுச் சீட்டைக் கேட்டார். அதில் பென்சிலால் பிப்ரவரி 27. பில்லோ மார்ச் 3. சரக்கு வந்துவிட்டது, கடன் ஏறவில்லை. மூட்டை 250 ரேண்ட். அப்படியே விட்டிருந்தால் லாபம் 10,000 ரேண்ட் ஊதியிருக்கும். கொள்முதலையும் கடனையும் பிப்ரவரியிலேயே பதிந்தோம். அரிசிக்கு வாட் பூஜ்யம், அதனால் அங்கே சிக்கலில்லை.

இரண்டு சப்ளையர்களின் ஸ்டேட்மெண்ட் இன்னும் வரவில்லை. கம்பெனி வருமான வரிப் படிவமான ITR14 தாக்கலுக்கு நிதியாண்டு முடிந்து 12 மாதம் உண்டு. அவற்றை ஒப்பிடாமல் அதைத் தொடமாட்டேன்.