போட் நெக் ஜாக்கெட்டுக்கு என்ன நகை போடலாம்?

அக்காக்களே, தங்கச்சிகளே, ஒரு யோசனை சொல்லுங்க. வர்ற முகூர்த்தத்துல திருப்பாதிரிப்புலியூர்ல நாத்தனார் கல்யாணம். அரக்குப் பட்டுக்கு போட் நெக் ஜாக்கெட் தைச்சாச்சு. கழுத்து ரெண்டு தோள்பட்டைக்கும் நேர்கோடா போகுது, விளிம்பு முழுக்க ஆரி வேலை வேற.

வழக்கமா போடற டாலர் செயின் 18 இன்ச். போட்டுப் பார்த்தா செயின் பாதி தோல்மேல, பாதி துணிமேல கிடக்கு. டாலர் சரியா அந்த ஜரிகைப் பூவுலயே போய் மாட்டிக்குது. வி கழுத்து ஜாக்கெட்டுக்கு அதே டாலர் அந்த இடைவெளியில அழகா இறங்கி நிக்கும்.

இப்போ கையில இருக்கறது அம்மாவோட கெம்பு அட்டிகையும் ஒரு நீள ஆரமும். அட்டிகையைப் பின்கயிறு இழுத்துக் கட்டினா ஜாக்கெட் விளிம்புக்கு மேல ரெண்டு விரல் இடம் தெரியுது, அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா என் கழுத்து கொஞ்சம் குட்டை. பெரிய ஜிமிக்கியும் சேர்ந்தா காதுக்கும் தோளுக்கும் நடுவுல மூச்சு விடவே இடமில்ல!

அட்டிகையோட சின்ன கல் தோடு போதுமா? இல்ல, கழுத்தை வெறுமையா விட்டு மாட்டல் வச்ச ஜிமிக்கி மட்டுமா? ஆரத்தை ஜாக்கெட்மேல போட்டா ஆரி வேலை மறைஞ்சிடுமா? குட்டைக் கழுத்துக்காரங்க போட்ட போட்டோ இருந்தா கமெண்ட்ல போடுங்க.