ஸ்கேல் என்பதற்கு ஒரே சொல் போதுமா? மெய்யளவு, மடங்கு, இழைப்பு

அனைவருக்கும் வணக்கம்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றின் 3டி மாதிரியை போனில் ஏஆர் முறையில் பார்க்கும்படி செய்து தரச் சொல்லி ஒரு பாத்திரக் கடையில் கேட்டார்கள். வாங்குபவர் தன் பூஜை அறையில் போனை நீட்டினால் மூன்றடி விளக்கு மூன்றடியாகவே நிற்க வேண்டும். வேலை முடிந்ததும், அடுத்து வருகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். "ரியல் வேர்ல்ட் ஸ்கேலில் எக்ஸ்போர்ட் செய்யவும்" என்ற முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.

நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிக்கல் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது புரியும். விளக்கை வரைந்தவர் மில்லிமீட்டரில் வரைந்து .stl கோப்பாகக் கொடுத்தார். உயரம் 914. அந்தக் கோப்புக்குள் எண் மட்டும்தான் இருக்கும், மில்லிமீட்டர் என்ற குறிப்பு இருக்காது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் அதை 914 மீட்டராக எடுத்துக்கொண்டது, நானும் கவனிக்காமல் இணையத்திலும் ஆண்ட்ராய்டிலும் காட்டுவதற்கான .glb கோப்பாக ஆக்கிவிட்டேன். இணையப் பக்கத்தில் பார்த்தால் விளக்கு அழகாகத்தான் இருந்தது, ஏனென்றால் அங்கே எந்த மாதிரியையும் சட்டத்துக்குள் அடக்கித்தான் காட்டுவார்கள். ஏஆர் பொத்தானை அழுத்தியபோது விளக்கையே காணோம். அடிப்பாகத்துக்குள்ளேயே நின்றுகொண்டு விளக்கைத் தேடியிருக்கிறேன்.

உள்ளே கொண்டுவரும்போதே ஸ்கேல் 0.001 என்று கொடுத்து ஆண்ட்ராய்டில் சரிசெய்தேன். அப்புறம் ஐபோனுக்கு .usdz ஆக மாற்றினால், அதில் விளக்கு சுண்டுவிரல் நகம் அளவுக்கு நின்றது!

ஆக, ஆங்கிலத்தில் ஸ்கேல் என்ற ஒரு சொல் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்கிறது. பொருளின் உண்மையான உயர அகலத்துக்கு மெய்யளவு, எதனால் பெருக்குகிறோமோ அந்த எண்ணுக்கு மடங்கு, எந்த அலகில் எண்ணுகிறோம் என்பதற்கு அலகு என்று பிரித்துவிடலாமா?

– விளக்கு மாதிரி செய்பவன், கும்பகோணம்

---

தம்பிக்கு,

பிரித்தது நல்லது. ஆனால் மெய் என்றால் உடம்பு என்றும் பொருள். மெய்யளவு என்று கேட்டால் எனக்குத் தையல்காரர் நாடாவை எடுப்பதுதான் மனதில் வருகிறது. "ஆளுயர மாலை" என்று நம்மிடம் இருக்கும் வழக்கை ஒட்டி ஆளளவு என்று வைத்தால் என்ன?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

---

வணக்கம். ஸ்கேலுக்குப் பாடநூலில் அளவுத்திட்டம் என்ற சொல் இருக்கிறதே? கட்டட வரைபடத்தில் ஒன்றுக்கு ஐம்பது, ஒன்றுக்கு நூறு என்று போடுவோமே, அதுதான். புதுச்சொல்லுக்கு என்ன தேவை? நானும் ஒரு வீட்டை மேசைமேல் வைத்துக் காட்ட ஏஆர் கோப்பு செய்தேன். பார்க்கிறவர் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம், அதனால் எனக்கு இந்தச் சிக்கலே வரவில்லை.

– கட்டட வரைஞர், மதுரை

---

அண்ணா, நீங்கள் கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்திருக்க மாட்டீர்கள், அதனால்தான் ஐபோனில் தப்பாக வந்திருக்கும். அதைச் செய்யாவிட்டால் எந்தப் போனிலும் அளவு சரியாக வராது. கோப்பு கனமாக இருந்தால் டிராக்கோ என்ற சுருக்குமுறையைப் போட்டுவிடுங்கள், எல்லாம் சுருங்கிவிடும்.

– பொறியியல் மாணவி, கோவை

---

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன்.

மாணவி சொல்வது நல்ல பழக்கம், ஆனால் காரணம் அது இல்லை. அப்ளை என்றால் மடங்கை வடிவத்தின் எண்களிலேயே பெருக்கிவிடுவது. அதைச் செய்யாவிட்டால், உள்ளே எண் 914 ஆகவே இருந்து பக்கத்தில் 0.001 என்ற மடங்கும் கோப்போடு போகும். போன் இரண்டையும் பெருக்கி 0.914 என்றே காட்டும். பின்னால் ஒருவர் அந்த வடிவத்தை மட்டும் தனியே எடுத்து வேறு கோப்பில் போட்டால் மடங்கு கழன்றுவிடும், அப்போதுதான் தொல்லை. மெய்யளவும் மடங்கும் தனித்தனிச் சொல்லாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஐபோனில் நகமளவு வந்ததற்குக் காரணம் அலகு. .glb கோப்பில் அலகு எப்போதும் மீட்டர்தான், அதை மாற்றவே முடியாது. .usdz அப்படியில்லை, அலகைக் கோப்பே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் சென்டிமீட்டர் என்று கொள்ளப்படும். உங்கள் 0.914 மீட்டர் 0.914 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. usdcat என்ற கருவியில் திறந்து பாருங்கள், தலைப்பகுதியில் metersPerUnit வரி விட்டுப்போயிருக்கும். இப்படி இருக்க வேண்டும்:

```
(
    metersPerUnit = 1
    upAxis = "Y"
)
```

.glb-ஐச் சோதிக்க `gltf-transform inspect vilakku.glb` கொடுத்து, bboxMin, bboxMax இரண்டிலும் உயரத்தைக் குறிக்கும் நடு எண்ணைப் பாருங்கள். 0, 0.914 என்று வந்தால் உயரமும் சரி, விளக்கின் அடி தரையிலும் இருக்கிறது.

மதுரை நண்பருக்குத் தேவை வேறு. அவர் வேண்டுமென்றே சிறிதாக்குகிறார், அதற்கு அளவுத்திட்டம் பொருத்தமான சொல். விளக்கு வாங்குகிறவருக்கோ விரலால் இழுக்க முடிந்தால் அளவே பொய்யாகிவிடும். அதனால் இணையப் பக்கத்தில் மாதிரியைக் காட்டும் model-viewer-இல் `ar-scale="fixed"` போட்டுவிட வேண்டும்.

கனத்துக்கு வருவோம். டிராக்கோ வடிவத்தை மட்டும்தான் சுருக்கும், மேலே ஒட்டிய படங்களைத் தொடாது. .usdz-க்குள் அது செல்லவும் செல்லாது. விளக்கின் வடிவம் எத்தனை முக்கோணங்களால் ஆனது, மேலே என்னென்ன படம்?

– 3டி வடிவமைப்பாளர், சென்னை

---

அக்கா, நன்றி. அந்த வரி இல்லைதான். சேர்த்ததும் ஐபோனிலும் மூன்றடி நின்றது. பக்கத்தில் நிஜ விளக்கையே வைத்துப் பார்த்துவிட்டேன், உச்சி அன்னம் இரண்டிலும் ஒரே உயரம்.

வடிவத்தில் 6 லட்சம் முக்கோணம், .stl மட்டுமே 30 எம்பி. மேலே 4096 அளவில் மூன்று படம்.

– கும்பகோணம்

---

முதலில் படத்தில் கை வையுங்கள். 4096 அளவுப் படம் கோப்பில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், வழக்கமாகப் போனின் நினைவகத்தில் விரியும்போது ஒவ்வொன்றும் 64 எம்பி பிடிக்கும். 1024 என்றால் 4 எம்பி. உங்கள் விளக்கோ முழுக்கப் பித்தளை. நிறம், உலோகத்தன்மை, சொரசொரப்பு இவற்றுக்குப் படமே வேண்டாம், மூன்றையும் எண்ணாகக் கொடுத்தால் போதும். தண்டின் நுண்ணிய கடைசல் கோடுகளுக்கு மட்டும் 1024-இல் ஒரு நார்மல் மேப் வையுங்கள், மேடுபள்ளம் இருப்பதுபோல் ஒளியைக் காட்டும் படம் அது. அதை ஜேபெக் ஆக்காதீர்கள், பளபளப்பான பரப்பில் அலை அலையாகத் தெரியும்.

முக்கோணத்தை 40,000 வரை குறைக்கலாம். விளிம்பு வட்டத்தைக் கவனியுங்கள். அகல் தட்டு பலகோணமாகத் தெரிய ஆரம்பித்தால் அங்கே நிறுத்திவிடுங்கள்.

முக்கோணம் குறைப்பதற்கு இழைத்தல் என்று சொல்லலாமா? தச்சர் பலகையை இழைத்துத்தான் மெலிதாக்குகிறார்.

– சென்னை

---

இழைத்தல் அழகான சொல். ஆனால் கணினியில் த்ரெட் என்பதை இழை என்று ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். மோதாதா? விளக்குப் பட்டறையில் வார்ப்பை அரத்தால் ராவுவார்களே, ராவுதல் எப்படி?

ஆளளவை நான் விட்டுவிடுகிறேன். அது ஆளின் உயரம், விளக்கின் உயரம் இல்லை.

– திருச்சி

---

ஐயா, ராவினால் பளபளப்பு கூடும். இங்கே நுணுக்கம் குறைகிறது. அதனால் எனக்கு இழைத்தல்தான் நெருக்கமாகப் படுகிறது.

அக்கா சொன்னபடி செய்ததில் இரண்டு கோப்பும் 3 எம்பிக்குள் வந்துவிட்டன. குறிப்பையும் பட்டறையில் படித்துக் காட்டினேன். மெய்யளவு என்றதும், "அசல் அளவுன்னு சொல்லுங்க" என்றார் வார்ப்புக்காரர். அசல் அரபியிலிருந்து வந்தது, தெரியும். ஆனால் அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இப்போதைக்கு முதல் வரி இப்படி இருக்கிறது:

"மடங்கை வடிவத்திலேயே கரைத்து, அலகு மீட்டர்தானா என்று பார்த்து, மெய்யளவில் (அசல் அளவில்) கோப்பை எடுக்கவும்."

எக்ஸ்போர்ட்டுக்கு "எடுக்கவும்" என்றே போட்டிருக்கிறேன். ஏற்றுமதி என்றால் கடைக்காரர் விளக்கைக் கப்பலில் அனுப்புவதாக நினைக்கிறார். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

– கும்பகோணம்