ஹாட்ஸ்பாட் போட்டால் நெட் இழுவை, பேட்டரி காலி: உங்களுக்கும் இப்படித்தானா?

மலர்விழி, தென்காசி பக்கம்
எங்கள் தெருவுக்கு இன்னும் பிராட்பேண்ட் வரவில்லை. போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துத்தான் ஆபீஸ் வேலை. மீட்டிங் நடுவில் என் குரல் விட்டு விட்டுக் கேட்கிறதாம். நூறு சதவீதம் சார்ஜோடு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பாதிக்குக் கீழே போய்விடுகிறது. போனைத் தொட்டால் தோசைக்கல். வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. யாருக்காவது இது சரியாகியிருக்கிறதா?

செந்தில்_மதுரை
அக்கா, 5ஜிக்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். நான் மாற்றிய அன்றே வேகம் பறந்தது.

டவர்க்காரர்
தம்பி சொல்வது உங்கள் வீட்டுக்குள் 5ஜி நிலையாகக் கிடைத்தால் சரி. ஒரு கோடு வந்து வந்து போகிற இடத்தில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவும், சார்ஜ் அதிலேயே கரையும். அங்கே 4ஜியில் நிறுத்தி வைப்பதே மேல்.

மலர்விழி, முதலில் ஒன்று பாருங்கள். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு போனிலேயே வேகம் பாருங்கள், அப்புறம் லேப்டாப்பில். போனிலேயே குறைவு என்றால் தகராறு டவருக்கும் போனுக்கும் நடுவில். போனில் நன்றாக இருந்து லேப்டாப்பில் மட்டும் குறைந்தால், போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில். இரண்டுக்கும் மருந்து வேறு. செட்டிங்ஸில் போன் விவரத்துக்குள் சிம் நிலை என்று இருக்கும், அங்கே சிக்னல் dBm கணக்கில் தெரியும். அதையும் போடுங்கள்.

மலர்விழி, தென்காசி பக்கம்
மேஜையில் −112. போனில் 7 எம்பிபிஎஸ், லேப்டாப்பில் 6.
ஜன்னல் ஓரம் வைத்தால் −94. போனில் 38 வருகிறது, ஆனால் லேப்டாப்பில் 11தான்!

டவர்க்காரர்
உங்களுக்கு இரண்டு தகராறும் இருக்கிறது. சிக்னல் −110க்கும் கீழே இறங்கினால் டவருக்குக் கேட்க வேண்டுமே என்று போன் முழுப் பலத்தோடு கத்த வேண்டியிருக்கிறது. சூடும் சார்ஜ் இறக்கமும் பெரும்பாலும் அதனால்தான். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தையும் குறைக்கும். ஆகவே போன் ஜன்னலிலேயே இருக்கட்டும்.

38 எப்படி 11 ஆனது? ஹாட்ஸ்பாட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத் எல்லாம் நெரிசலடிக்கிற அலைவரிசை அது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள். இது 5ஜி இல்லை, வேறு சமாசாரம். ஐபோனாக இருந்தால் "Maximize Compatibility" என்பதை அணைக்க வேண்டும். ஒரே குறை, நடுவில் சுவர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பாலு அண்ணாச்சி
எனக்கும் இதே தொல்லைதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் படம்கூட இறங்காது. பன்னிரண்டு அடித்ததும் தானாகச் சரியாகிவிடும். போனை மாற்றிவிடலாமா?

டவர்க்காரர்
அண்ணாச்சி, போனை மாற்றாதீர்கள்! அது தினசரி டேட்டா தீர்ந்துபோன அடையாளம். தீர்ந்ததும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள், மறுநாள் பிறந்ததும் திறக்கும். ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் இருக்கிறதா? விண்டோஸ் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் வைஃபை கிடைத்தது என்று நினைத்து இழுத்துக்கொள்ளும். அந்த நெட்வொர்க்கை "Metered connection" என்று குறித்துவிடுங்கள், பெரும்பகுதி அடங்கும்.

மலர்விழி, தென்காசி பக்கம்
5 கிகாஹெர்ட்ஸ் போட்டதும் லேப்டாப்பில் 31! ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவில் சுவர் இல்லை. ஆனால் மூன்று மணிக்கு அந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது, போன் மறுபடி கொதிக்கிறது.

ரேவதி_கோவை
கேபிள் போடுங்க. நான் யூஎஸ்பி டெதரிங்தான். வைஃபை ஒளிபரப்பே வேண்டாம் என்பதால் போன் கொஞ்சம் ஆறுகிறது, சார்ஜும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நீளமான கேபிள் வாங்கி, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நிழலில் வைத்திருக்கிறேன். தடிமனான கவரையும் கழற்றிவிடுங்கள்.

டவர்க்காரர்
நல்ல யோசனை. இரண்டு விஷயம் மட்டும். கேபிளில் போட்டால் விண்டோஸ் அதை ஈதர்நெட் என்று எடுத்துக்கொள்ளும், அங்கேயும் மீட்டர்டு என்று தனியாகக் குறிக்க வேண்டும். அப்புறம், சில லேப்டாப் போர்ட் கொடுக்கிற மின்சாரம் சொற்பம். சிக்னல் மோசமான இடத்தில் கேபிள் செருகியிருந்தும் சார்ஜ் மெல்ல இறங்கும்.

செந்தில்_மதுரை
நாள் முழுக்கச் சார்ஜில் போட்டால் பேட்டரி உப்பிவிடும் என்கிறார்களே?

ரேவதி_கோவை
80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி என் போனில் இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

டவர்க்காரர்
சார்ஜை விடச் சூடுதான் பேட்டரிக்கு முதல் எதிரி. இரண்டும் சேர்ந்தால் ஆயுள் குறையத்தான் செய்யும். அந்த வசதி இல்லாத போன் என்றால் நான் அவ்வப்போது கழற்றிவிடச் சொல்வேன்.

மலர்விழி, தென்காசி பக்கம்
கேபிள் வாங்கியாச்சு. பகல் மீட்டிங்கில் குரல் அறுவதில்லை, சாயங்காலம் வரை சார்ஜ் நிற்கிறது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு அதே ஜன்னல், அதே −94, டேட்டாவும் மிச்சம் இருக்கிறது, வேகம் மட்டும் 4. இது ஏன்?

டவர்க்காரர்
அந்த நேரத்தில் ஊரே அதே டவரில் தொங்கும். சிக்னல் எண் கூட்டத்தைக் காட்டாது. வேறு நிறுவனச் சிம் யாரிடமாவது இரவல் வாங்கி, அதே ஜன்னலில், அதே எட்டு மணிக்குச் சோதித்துவிட்டு இங்கே எழுதுங்கள்.