கமகம் கெடாமல் சுருதி திருத்த வழி சொல்லுங்கள்

வணக்கம். உசிலம்பட்டியில் எங்கள் அத்தை பாடிய தாலாட்டைப் பதிவு செய்திருக்கிறேன். ஐந்து கட்டை சுருதி. அருமையான குரல். நீட்டிப் பிடிக்கும் ஸ்வரங்கள் மட்டும் முடிவில் 30 சென்ட் வரை இறங்குகின்றன.

ஆட்டோ-டியூனில் ரீட்யூன் ஸ்பீடை 15 மில்லி செகண்டில் வைத்தால் நீட்டல் நேராகிறது. ஆனால் காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு இழையும் இடம் படிக்கட்டு போல உடைந்து ரோபோ குரலாகிவிடுகிறது. 100க்கு மேல் போனால் இழைவு தப்பிக்கிறது, இறக்கமும் அப்படியே இருக்கிறது. ஹியூமனைஸ் நீண்ட ஸ்வரங்களைத்தான் தளர்த்தும். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

அதனால் இப்போது மெலடைனில் நீட்டலை மட்டும் தனியாக வெட்டி, பிட்ச் டிரிஃப்டைப் பாதியாகக் குறைக்கிறேன். பிட்ச் மாடுலேஷனைத் தொடுவதில்லை, அத்தை குரலின் உயிரே அந்த அசைவில்தான். நன்றாக வருகிறது. ஆனால் வெட்டு விழும் இடத்தில், ஹெட்போனில் கேட்டால், சின்ன உதறல்.

வெட்டை ‘ஆராரோ’வின் ரகரத்தில் போட்டு மறைக்கலாமா? இல்லை, அங்கேயே விட்டுவிட்டு பிட்ச் ட்ரான்சிஷனை மெதுவாக்கினால் போதுமா? கர்நாடக இசையோ நாட்டுப்பாடலோ மிக்ஸ் செய்தவர்கள் சொல்லுங்களேன்.